ஆணியில் சேறு, பென்சிலில் குளோரின்: உப்புத் தண்ணீரில் ஆக்சிஜன் ஏன் வருவதில்லை?

கேள்வி: பையனின் அறிவியல் கண்காட்சிக்காகத் தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரித்துக் காட்ட வேண்டும். டம்ளரில் உப்புத் தண்ணீர், இரண்டு இரும்பு ஆணி, 9 வோல்ட் பேட்டரி. ஒரு ஆணியில் மட்டும்தான் குமிழி வருகிறது. இன்னொன்றில் முதலில் பச்சையாகச் சேறு, அப்புறம் பழுப்பு. ஆணிக்குப் பதில் பென்சில் கரி வைத்தால் நீச்சல் குளத்து நாற்றம். புத்தகத்தில் சொல்லும் 2:1 வரவே இல்லை. எங்கே தப்பு?

பதில்:

குமிழி வந்த ஆணி தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. அது பேட்டரியின் எதிர்முனையில் இருந்திருக்கும், வந்தது ஹைட்ரஜன். கோளாறு முழுக்க நேர்முனைப் பக்கம். அங்கே எலக்ட்ரானைக் கொடுப்பதற்கு மூன்று பேர் வரிசையில் நிற்கிறார்கள்: ஆணியின் இரும்பு, உப்பில் இருக்கும் குளோரைடு, தண்ணீர். யாருக்குக் கொடுப்பது எளிதோ அவர் முந்திக்கொள்வார். ஆணி வைத்தபோது இரும்பு முந்தியது. பென்சில் வைத்தபோது குளோரைடு முந்தியது. ஆக்சிஜன் வரவேண்டுமானால் எலக்ட்ரானைக் கொடுப்பது தண்ணீராக இருக்க வேண்டும். அதற்கு மற்ற இருவரையும் வரிசையிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

முதலில் சிக்கல் இல்லாத எதிர்மின்வாயைப் பார்த்துவிடலாம். கரைசலில் சோடியம் அயனி ஏராளமாக இருக்கிறது, அது எதிர்முனையை நோக்கித்தான் நகர்கிறது, பிறகு ஏன் சோடியம் படியவில்லை என்று பலர் கேட்பார்கள். எதிர்முனைக்கு நகர்வது வேறு, அங்கே எலக்ட்ரானை வாங்கிக்கொள்வது வேறு. சோடியம் அயனி உலோகமாக மாற −2.71 வோல்ட் வேண்டும். நடுநிலைத் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் வர ஏறக்குறைய −0.41 வோல்ட் போதும். இவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது தண்ணீர்தான் எலக்ட்ரானை வாங்கும்:

```
2H2O + 2e-  →  H2 + 2OH-
```

சோடியம் அயனியாகவே மிஞ்சுகிறது. புதிதாக உண்டாகும் OH- உடன் சேர்ந்து நிற்பதால், எதிர்மின்வாயைச் சுற்றியுள்ள தண்ணீர் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலாகிறது. இதைக் கண்ணால் காட்ட பீனாப்தலீன் தேடி அலைய வேண்டாம். மஞ்சள் தூளைக் கரைத்து வடிதாளில் தடவி உலர்த்தி, அந்தத் துண்டை எதிர்மின்வாய்க்குப் பக்கத்தில் நனையுங்கள். சுண்ணாம்பு பட்ட மஞ்சள் போல அது சிவக்கும். கறியுப்பு, சலவை சோடா, சோடியம் சல்பேட் என எந்தச் சோடிய உப்பைப் போட்டாலும் எதிர்முனையில் கதை இதுதான்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. எதிர்மின்வாயாகப் பாதரசத்தை வைத்தால் சோடியமே அதில் கரைந்து இரசக்கலவையாகிறது. பாதரசத்தின் மேல் ஹைட்ரஜன் உருவாவது மிகவும் கடினம் என்பதும், சோடியம் அதில் கரைவது அதற்கு எளிதாக இருப்பதும்தான் காரணம். காஸ்டிக் சோடா ஆலைகள் நெடுங்காலம் இந்த வழியில் ஓடின. பாதரச மாசினால் பிறகு சவ்வு வைத்த கலங்களுக்கு மாறின.

இனி ஆணிக்கு வருவோம். இரும்பு எலக்ட்ரானை விட்டுக் கரைவது, தண்ணீர் ஆக்சிஜனைத் தருவதைவிட எவ்வளவோ எளிது. அதனால் நேர்முனையில் இருந்த ஆணி வாயு எதையும் விடாமல் தானே கரைந்தது:

```
Fe  →  Fe2+ + 2e-
```

அந்த இரும்பு அயனி, எதிர்முனையிலிருந்து வரும் OH- ஐச் சந்திக்கும் இடத்தில் பச்சையாகத் திரள்கிறது. அது இரும்பு(II) ஹைட்ராக்சைடு. காற்றில் உள்ள ஆக்சிஜன் படப்பட அது பழுப்பாகிறது, அதாவது துருவாகிறது. நீங்கள் பார்த்த பச்சையும் பழுப்பும் இதுதான். ஆணியை எடுத்துத் துடைத்துப் பார்த்தால் தண்ணீருக்குள் இருந்த பகுதி மெலிந்து, சொரசொரப்பாகிக் குழி விழுந்திருக்கும்.

இந்தத் தவறு உங்களுக்கு மட்டும் நேர்ந்ததில்லை. 1800 மே மாதம் லண்டனில் நிக்கல்சனும் கார்லைலும் புத்தம் புதிதாக வந்திருந்த முதல் பேட்டரியான வோல்ட்டா அடுக்கை வைத்துத் தண்ணீரில் மின்சாரம் செலுத்தியபோது முதலில் போட்டது பித்தளைக் கம்பி. ஒரு கம்பியில் ஹைட்ரஜன் வந்தது, மற்ற கம்பி அரித்துப்போனது. பிளாட்டினத்துக்கு மாறிய பிறகுதான் அந்தப் பக்கம் ஆக்சிஜன் குமிழியாக எழுந்தது. பள்ளி ஆய்வகத்தில் தண்ணீரைப் பிரித்துக் காட்டும் ஹாப்மன் கருவியில் பிளாட்டினத் தகடு வைத்திருப்பதும் இதற்காகத்தான்.

செம்புக் கம்பியைப் போட்டாலும் இதே விளைவுதான். உப்புத் தண்ணீரில் மஞ்சளும் ஆரஞ்சும் பச்சையுமாகக் கலங்கல் வரும். எவர்சில்வர் ஸ்பூன் துருப்பிடிக்காதே என்று அதை உப்புத் தண்ணீரில் நேர்முனையாக வைக்காதீர்கள். எவர்சில்வரைக் காப்பது மேலே இருக்கும் மெல்லிய குரோமியம் ஆக்சைடுப் படலம். குளோரைடு அதைத் துளைத்துவிடும். அதன் பிறகு இரும்போடு குரோமியமும் நிக்கலும் கரைசலில் இறங்கும். நிறம் மஞ்சளாக மாறினால் அதில் நச்சான ஆறு இணைதிறன் குரோமியம் இருக்கக்கூடும். பிள்ளைகள் கை வைக்கிற சோதனைக்கு அது ஆகாது.

பென்சில் கரி, அதாவது கிராஃபைட், இரும்பு போலக் கரையாது. அதை வைத்ததும் வரிசையில் முதல் ஆள் விலகிவிட்டார். மிச்சம் குளோரைடும் தண்ணீரும். இங்கேதான் விஷயம் சுவையாகிறது, ஏனென்றால் மின்னழுத்த அட்டவணையைப் பார்த்தால் தண்ணீர்தான் ஜெயிக்க வேண்டும். நடுநிலைத் தண்ணீரிலிருந்து ஆக்சிஜன் வர 0.82 வோல்ட், குளோரைடிலிருந்து குளோரின் வர 1.36 வோல்ட். ஆனாலும் மூக்குக்கு வந்தது குளோரின்.

காரணம் வேகம். ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு உருவாக இரண்டு தண்ணீர் மூலக்கூறுகள் நான்கு எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக இழந்து, இடையில் பல படிகளைத் தாண்டி, கடைசியில் ஆக்சிஜன் அணுக்கள் தமக்குள் பிணைய வேண்டும். குளோரினுக்கு இரண்டு குளோரைடு ஆளுக்கொரு எலக்ட்ரானை விட்டுச் சேர்ந்தால் போதும். ஆகவே தாள் கணக்கில் வருவதைவிட ஆக்சிஜனுக்குக் கூடுதல் மின்னழுத்தம் நிறையத் தேவைப்படுகிறது, குளோரினுக்குக் கொஞ்சம்தான். இன்னொன்றும் நடக்கிறது. ஆக்சிஜன் வரத் தொடங்கினால் கூடவே H+ உண்டாகி மின்வாயின் மேற்பரப்பு அமிலமாகிறது. அமிலமாக ஆக ஆக, ஆக்சிஜனுக்கு வேண்டிய மின்னழுத்தம் 0.82 இலிருந்து 1.23 ஐ நோக்கி ஏறுகிறது. தன் வழியைத் தானே அடைத்துக்கொள்கிறது என்று சொல்லலாம்.

உப்பின் அளவும் முடிவை மாற்றும். கெட்டியான உப்புக் கரைசலில் மின்வாய்க்குப் பக்கத்தில் குளோரைடு குறைவதே இல்லை, ஆகவே பெரும்பாலும் குளோரின்தான். ஒரு லிட்டருக்கு ஒரு சிட்டிகை உப்பு மட்டும் இருந்தால் மின்வாயை ஒட்டிய குளோரைடு சீக்கிரம் தீர்ந்து, பெரும்பகுதி ஆக்சிஜன் வரும். இடைப்பட்ட அளவுகளில் இரண்டும் கலந்து வரும். பாடப்புத்தகங்களில் ‘நீர்த்த கரைசலில் ஆக்சிஜன், அடர்ந்த கரைசலில் குளோரின்’ என்று கோடு கிழித்தது போல எழுதியிருப்பார்கள். நிஜத்தில் அப்படி ஒரு கோடு கிடையாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மாறும்.

காஸ்டிக் சோடா ஆலைகள் நேர்முனையில் விரும்புவது குளோரினையே. அதனால் லிட்டருக்குச் சுமார் 300 கிராம் உப்பு இருக்கும் கெட்டிக் கரைசலை உள்ளே விடுகிறார்கள். நேர்முனையில் முன்பு கிராஃபைட் இருந்தது. அது தேய்ந்துகொண்டே வந்ததால், ருத்தேனியம் ஆக்சைடு பூசிய டைட்டானியம் அதன் இடத்தைப் பிடித்தது. காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரி இத்தகைய டைட்டானிய மின்வாய்களை நம் நாட்டிலேயே உருவாக்கியது.

நாற்றம் வந்ததே, பிறகு குளோரின் ஏன் வாயுவாகத் திரளவில்லை? மின்சாரக் கணக்குப்படி ஹைட்ரஜன் எவ்வளவோ அவ்வளவு குளோரினும் வரவேண்டும், அதாவது 1:1. ஆனால் குளோரின் தண்ணீரில் நன்றாகக் கரையும். உங்கள் டம்ளரில் உண்டாவது சில பத்து மில்லிகிராம். அந்த 250 மில்லி தண்ணீரோ ஒரு கிராம் அளவுக்குக் கரைத்துக்கொள்ளக் கூடியது. போதாக்குறைக்கு எதிர்முனையிலிருந்து வரும் காரத்தோடு குளோரின் சேர்ந்து வேறொன்றாகிறது:

```
Cl2 + 2OH-  →  Cl- + OCl- + H2O
```

OCl- என்பது ஹைப்போகுளோரைட்டு, கடையில் பிளீச்சிங் திரவமாக விற்கும் அதே சரக்கு. நீச்சல் குளத்து நாற்றம் குளோரினும் இதுவும் சேர்ந்து தருவது. செம்பருத்திப் பூச்சாறு தடவிய தாளை நேர்மின்வாய்ப் பக்கம் நனைத்தால் நிறம் மாறுவதோடு நிற்காமல் வெளுத்தே போகும்.

இனி 2:1 வருவதற்கான வழி. குளோரைடு இல்லாத, மின்சாரத்தை நன்றாகக் கடத்துகிற, தானே எலக்ட்ரானைக் கொடுக்க முன்வராத பொருள் ஒன்று வேண்டும். ஆய்வகத்தில் நீர்த்த கந்தக அமிலத்தை எடுப்பார்கள். அதிலுள்ள சல்பேட் அசைந்து கொடுக்காது. வீட்டில் நான் சொல்வது சலவை சோடா. 250 மில்லி தண்ணீருக்குப் பொடி என்றால் 10 கிராம், பளபளக்கும் படிகம் என்றால் 25 கிராம். படிகத்தில் பாதிக்கு மேல் தண்ணீர்தான் என்பதால் இந்த வித்தியாசம். சலவைத் தூள் வேண்டாம். அதன் நுரைக்குள் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்து சிக்கினால் அது வெடிக்கக்கூடிய நுரை. தண்ணீருக்குக் குழாய்த் தண்ணீரும் வேண்டாம். அதில் குளோரைடு இருக்கும், சோடா போட்டதும் சுண்ணாம்பும் கலங்கும். கார் பேட்டரிக்கு ஊற்றும் வடிநீர் ஒரு பாட்டில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சமையல் சோடா போடலாமா என்று கட்டாயம் தோன்றும். மின்சாரம் கடத்தும், இரண்டு பக்கமும் குமிழியும் வரும், ஆனால் அளவு தப்பும். நேர்முனையில் ஆக்சிஜனோடு உண்டாகும் H+, சமையல் சோடாவின் பைகார்பனேட்டைத் தாக்கிக் கார்பன் டை ஆக்சைடை விடுவிக்கிறது. அந்தக் குழாயில் ஆக்சிஜனோடு அதுவும் சேர்ந்துவிடும். சலவை சோடாவில் அதே H+ கார்பனேட்டைப் பைகார்பனேட்டாக மாற்றுவதோடு நின்றுவிடுகிறது, வாயு வருவதில்லை. வீட்டில் சமையல் சோடா மட்டும்தான் இருக்கிறது என்றால் 16 கிராமை உலர்ந்த வாணலியில் போட்டு, மிதமான தீயில் நீராவி விடுவது நிற்கும்வரை வறுங்கள். மிஞ்சுவது ஏறக்குறைய 10 கிராம் சலவை சோடா. நமக்கு வேண்டிய அளவே அது.

மின்வாய்க்கு எவர்சில்வர் கம்பி. மேலே வேண்டாம் என்றேனே என்றால், குளோரைடு இல்லாத காரக் கரைசலில் அதன் காப்புப் படலம் தாக்குப்பிடிக்கும். சில நிமிடச் சோதனைக்குத் தாராளமாகப் போதும். மணிக்கணக்கில் ஓட்டினால் குரோமியம் மெல்ல இறங்கலாம், ஆகவே கரைசலில் மஞ்சள் தட்டினால் நிறுத்திவிடுங்கள். இங்கே கிராஃபைட்டைவிட எவர்சில்வர் நல்லது. ஆக்சிஜன் வரும் இடத்தில் கிராஃபைட்டின் கரி கொஞ்சம் எரிந்து கார்பன் டை ஆக்சைடாகப் போகும், கறுப்புப் பொடியும் உதிரும்; ஆக்சிஜன் கணக்கில் துண்டு விழும்.

வாயுவைப் பிடிக்க 20 மில்லி சிரிஞ்சு இரண்டு. தண்டை உருவிவிட்டு, ஊசி மாட்டும் மூக்கை எம்-சீல் வைத்து அடையுங்கள். இப்போது அது அளவுக்கோடு போட்ட சோதனைக் குழாய். மூக்குப் பகுதியில் நிற்கும் சிறு அளவு கோடுகளில் சேராது என்பதால், எம்-சீலை உள்வரை அழுத்திவிடுவது நல்லது. குழாயைக் கரைசலால் நிரப்பி, விரலால் மூடி, பாத்திரத்துக்குள் கவிழ்த்து நிறுத்துங்கள். கம்பியை ‘ப’ போல வளைத்து, ஒரு நுனியைச் சுருளாக்கிக் கீழிருந்து குழாய் வாய்க்குள் நுழைக்க வேண்டும். குழாய்க்கு வெளியே தண்ணீரில் நனையும் கம்பி முழுவதற்கும் பிளாஸ்டிக் உறை போடுங்கள், இல்லாவிட்டால் அந்த இடத்தில் வரும் குமிழி வெளியே போய்விடும். முதலைவாய்க் கிளிப் ஒருபோதும் தண்ணீரைத் தொடக்கூடாது. தொட்டால் நேர்முனைக் கிளிப்பே மின்வாயாகிக் கரையும். ‘எவர்சில்வர் வைத்தும் பச்சையாகிறது’ என்று வருகிறவர்களிடம் நான் முதலில் பார்ப்பது கிளிப்பைத்தான்.

மின்சாரத்துக்கு 9 வோல்ட் பேட்டரி போதும், நீண்ட நேரமென்றால் வைஃபை ரவுட்டரின் 12 வோல்ட் டிசி அடாப்டர். சுவர் பிளக்கிலிருந்து நேராக எதையும் எடுக்கக்கூடாது. உயிர் ஆபத்து ஒருபுறம், மாறுமின்சாரத்தில் இரு முனைகளும் நொடிக்கு நூறு முறை இடம் மாறுவதால் வாயு பிரியவும் பிரியாது. ஒற்றை 1.5 வோல்ட் செல்லில் குமிழியே வராதது போலத் தோன்றும். தாள் கணக்கில் 1.23 வோல்ட் போதும் என்றாலும் நடைமுறையில் 1.8, 2 வோல்ட் தாண்டினால்தான் கண்ணுக்குத் தெரிகிற வேகம் வரும்.

ஒரு மல்டிமீட்டரைத் தொடராக இணைத்து மின்னோட்டம் 0.1 ஆம்பியர் வருமாறு குழாய்களைக் கிட்டவோ தள்ளியோ வையுங்கள். ஐந்து நிமிடம் ஓடவிட்டு, வந்த வாயுவை வெளியேற்றி, குழாயை மறுபடி நிரப்பித் தொடங்குங்கள். ஆக்சிஜன் கொஞ்சம் தண்ணீரில் கரையும். அந்தத் தாகம் தீராமல் அளந்தால் ஆக்சிஜன் குறைவாகக் காட்டி, விகிதம் 2.5:1, 3:1 என்று போகும்.

இரண்டாம் முறை 20 நிமிடம் ஓட்டுவதாக வைத்துக்கொள்வோம். 0.1 ஆம்பியர், 1200 வினாடி. போன மின்னூட்டம் 120 கூலும். ஒரு மோல் எலக்ட்ரானுக்கு 96,485 கூலும் என்பதால், போனது 0.00124 மோல் எலக்ட்ரான். ஹைட்ரஜன் மூலக்கூறு ஒன்றுக்கு இரண்டு எலக்ட்ரான், ஆகவே 0.00062 மோல் ஹைட்ரஜன். 30 டிகிரி வெப்பத்தில் அது 15.5 மில்லி, குழாய்க்குள் நீராவியும் கலந்திருப்பதால் கோட்டில் 16 மில்லி அளவுக்குத் தெரியும். ஆக்சிஜனுக்கு நான்கு எலக்ட்ரான் வேண்டும், ஆகவே அதில் பாதி, 8 மில்லி. நீங்கள் தேடிய 2:1 இதுதான்.

இதே 120 கூலும் உங்கள் பழைய டம்ளர்களில் என்ன செய்திருக்கும்? ஆணி வைத்த டம்ளரிலும் ஹைட்ரஜன் அதே 16 மில்லி. மறுபுறம் 35 மில்லிகிராம் இரும்பு கரைந்திருக்கும். கெட்டி உப்பில் கரி வைத்த டம்ளரில், முழுக்கக் குளோரினே வந்தால் 44 மில்லிகிராம். வாயுவாக நின்றால் இன்னொரு 16 மில்லி, ஆனால் பெரும்பாலும் கரைந்து மறைந்திருக்கும். ஹைட்ரஜன் மூன்றிலும் ஒன்றே என்பதைக் கண்காட்சி மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால், வெறும் 2:1 ஐவிட அது நல்ல காட்சி என்பது என் எண்ணம்.

ஹைட்ரஜன் குறைவாக வந்தால் குமிழி குழாய்க்கு வெளியே போகிறது என்று பொருள். ஹைட்ரஜன் சரியாக இருந்து ஆக்சிஜன் மட்டும் குறைந்தால் நேர்மின்வாய் அரிக்கிறது, அல்லது குளோரைடு எங்கிருந்தோ கலந்திருக்கிறது. மோந்து பார்த்தாலே தெரியும். இரண்டிலும் சமமாக வந்தால் சமையல் சோடாவின் கார்பன் டை ஆக்சைடைச் சந்தேகியுங்கள்.

எதிர்முனையிலும் வேறொரு முடிவு காட்ட வேண்டுமானால் மயில்துத்தத்தை, அதாவது காப்பர் சல்பேட்டை எடுங்கள். செம்பு அயனி தண்ணீரைவிட எளிதாக எலக்ட்ரானை வாங்கும். அதனால் ஹைட்ரஜன் வராமல் எதிர்மின்வாயில் செம்பு சிவப்பாகப் படியும். நேர்முனையில் கரி என்றால் ஆக்சிஜன், செம்புத் தகடு என்றால் தகடு கரையும். மின்னோட்டத்தை அதிகமாக்கினால் படிவு பளபளப்பில்லாமல் கறுத்த பொடியாக உதிரும்.

வாயுவைச் சோதிக்கும்போது இரண்டையும் ஒரே குழாயில் கலக்காதீர்கள், மூடிய பாட்டிலில் சேர்த்தும் வைக்காதீர்கள். ஹைட்ரஜன் குழாயின் வாயில் எரியும் தீக்குச்சியைக் காட்டினால் ‘டப்’ என்று சத்தம் கேட்கும். ஆக்சிஜன் குழாய்க்குள் கனன்றுகொண்டிருக்கும் ஊதுபத்தியை நுழைத்தால் அது பிரகாசமாகும், சில சமயம் சுடரும் பிடிக்கும். உப்புத் தண்ணீர்ச் சோதனையை ஜன்னல் திறந்த இடத்தில் செய்யுங்கள், சில நிமிடங்களுக்கு மேல் ஓட்டவும் வேண்டாம். முடிந்ததும் அந்தத் தண்ணீரை நிறையத் தண்ணீர் விட்டுச் சாக்கடையில் ஊற்றலாம். ஆனால் வினிகரோ கழிப்பறை கழுவும் அமிலமோ அதன்மேல் படக்கூடாது. பட்டால் கரைந்து மறைந்த குளோரின் மொத்தமாக வாயுவாக வெளியே வரும்.